வாடகை வீட்டுச் சுவரில் ரீவி மாட்ட வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதமும் அதற்குப் பின் நடந்த வேலையும்

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: வீட்டு உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ மாற்றம் செய்யவோ கூடாது. மட்டக்களப்பில் வீடு வாடகைக்கு எடுத்தவர்கள் பலரிடம் இந்த வரியோ இதைப் போன்ற ஒன்றோ இருக்கும். நாட்காட்டி தொங்கவிட ஒரு சின்ன ஆணி அடிக்க யாரும் அனுமதி கேட்பதில்லை. 43 அங்குல ரீவியைச் சுவரில் மாட்டுவது அப்படியல்ல. ட்ரில் மெசின் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும், துளை பெரிது, வீட்டை விட்டுப் போகும்போது முற்பணத்தில் கை வைக்க அதுவே காரணமாகும்.

நாங்கள் இருப்பது கல்லடியில் ஒரு வீட்டின் மேல்மாடி. வீட்டுக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியந்தீவில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், எல்லாருக்கும் 'மாஸ்டர்'. பிள்ளைகள் வெளிநாட்டில். மேசையில் இருந்த ரீவியை மகள் எட்டிப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் அதைச் சுவருக்கு ஏற்றத் தீர்மானித்தோம். மாஸ்டரிடம் வாய்ப் பேச்சாகக் கேட்டிருந்தால் அனேகமாகச் "சரி" என்றிருப்பார். ஆனாலும் கடிதம்தான் எழுதினேன். ஒப்பந்தம் எழுத்தைக் கேட்கிறது என்பது ஒன்று. நாளைக்கு வீட்டு விசயத்தை அவருடைய மகன் கையில் எடுத்தால், இன்று மாஸ்டர் சொன்ன "சரி" அவருக்குத் தெரியாது என்பது இன்னொன்று.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருந்தது. 'ரீவி மாட்ட அனுமதி தாருங்கள்' என்று மட்டும் எழுதினால் வீட்டுக்காரர் மனதில் எழும் கேள்விகள் அப்படியே நிற்கும். எந்தச் சுவர், எத்தனை ஓட்டை, வயர் அறுந்தால் யார் பொறுப்பு, போகும்போது சுவர் என்ன கோலத்தில் இருக்கும்? எங்களுக்கு முன் குடியிருந்தவர் திரைச்சீலைக் கம்பிக்கு நீளமான ஆணிகளை அடித்து, பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. அந்த அடையாளம் படுக்கையறை ஜன்னலுக்கு மேல் இன்றும் இருக்கிறது. மாஸ்டர் மறந்திருக்க மாட்டார். ஆகவே சுவரைத் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் ஒரே வழி.

முன்னறையில் ரீவிக்குப் பொருத்தமான சுவர்கள் இரண்டு. ஒன்று கிழக்கே கடலைப் பார்த்த வெளிச்சுவர். மற்றது முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உட்சுவர். வெளிச்சுவரில்தான் இடம் தாராளம். ஆனால் மாரி காலத்தில் வடகீழ்ப் பருவமழை நேரே அந்தச் சுவரில்தான் அடிக்கிறது. உட்பக்கத்தில் பெயின்ற் அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். ஈரம் ஏறும் சுவரில் திருகாணி துருப்பிடிக்கும், ரீவியின் முதுகுக்கும் அது நல்லதல்ல. எனவே உட்சுவர். அதன் மறுபக்கம் குளியலறையாக இருந்தால் தண்ணீர்க் குழாய் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே மறுபக்கம் படுக்கையறை என்பதால் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது. காசு ஒன்றை எடுத்துச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தட்டிக்கொண்டே போனேன். நடுப்பகுதி முழுக்கப் பொள்ளலான சத்தம். மூலையிலிருந்து ஒரு முக்கால் அடி அகலத்துக்குச் சத்தம் செத்துப் போனது மாதிரி மந்தமாக இருந்தது. அது தூண். மேலே கொங்கிறீற் பீம் வந்து இறங்கும் இடத்தைப் பார்த்தால் அதே நேர்கோட்டில் நிற்கிறது. தூண்தானே உறுதி, அதிலேயே மாட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். செய்யக் கூடாது. தூணுக்குள் கம்பி, மேற்பரப்பிலிருந்து ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்திலேயே இருக்கும். ட்ரில் அதில் முட்டினால் துளை நகராது. முட்டாமல் போனாலும் கம்பியை மூடி நிற்கும் கொங்கிறீற்றைக் குடைந்து விட்டிருப்போம். இந்தக் கடற்கரையில் உப்புக் காற்றுப் புக அந்த வழி போதும். மேல்மாடியின் கூரையைத் தாங்கும் தூண் அது. வீட்டுக்காரர் மறுப்பதற்கு முன் நாமே விலக வேண்டிய இடம்.

வயர் எங்கே ஓடுகிறது என்பதை அறிய, வயரிங் வேலை தெரிந்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் மெயினை நிறுத்தி, சுவரில் இருந்த பிளக் பேஸின் மூடியைக் கழற்றினார். இது எனக்கு ஒரே நேரத்தில் மூன்று செய்திகளைச் சொன்னது. பெட்டியின் ஓரத்தில் பூச்சு முக்கால் அங்குலம் கனம் என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் சாம்பல் நிறச் சீமெந்துக் கல், உள்ளே வெற்றிடமுள்ள பொள்ளல் கல். வயர்க் குழாய் பெட்டிக்குள் மேலிருந்து இறங்குகிறது. அதாவது பிளக் பேஸுக்கு நேர் மேலே, கூரைமட்டம் வரைக்கும் சுவருக்குள் ஒரு குழாய் நிற்கிறது. சுவிட்ச், பிளக் பேஸ் எதுவானாலும் அதன் மேலும் கீழுமாக ஓடும் கோட்டில் இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிட வேண்டும் என்றார் அவர். அந்தக் கோட்டைப் பென்சிலால் இலேசாகக் குறித்துக்கொண்டோம்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ரீவிக்குக் கரண்ட் அந்தப் பிளக் பேஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். வயர் தொங்காமல் இருக்க வேண்டுமென்றால் ரீவி அதற்கு நேர் மேலே வர வேண்டும். ஆனால் துளையிடக் கூடாத கோடும் அதுவேதான். ரீவியின் அகலத்தை அளந்ததும் வழி தெரிந்தது. 43 அங்குல ரீவி ஏறக்குறைய 96 சென்ரிமீற்றர் அகலம். ரீவியைத் தாங்கச் சுவரில் பூட்டும் தகட்டின் நடுவை அந்தக் கோட்டிலிருந்து ஒன்றேகால் அடி இடப்பக்கம் தள்ளினால், தகட்டின் வலப்பக்கத் துளைகள் கோட்டிலிருந்து அரை அடிக்கு மேல் விலகி நிற்கும். ரீவியின் வலது ஓரம் அப்போதும் கோட்டைத் தாண்டிப் போய் பிளக் பேஸுக்கு மேலாக நிற்கும். வயர் ரீவியின் பின்னாலேயே இறங்கி மறைந்துவிடும். வயருக்காகச் சுவரை வெட்டவும் தேவையில்லை, பிளாஸ்ரிக் கேசிங் ஒட்டவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் பசையுள்ள ரேப்பால் ஒட்டிய கேசிங்கை ஒரு வருடம் கழித்துப் பிடுங்கினால் பெயின்ற் தோலோடு உரிந்து வரும் என்பது பலருக்கும் பட்டுத் தெரிந்த விசயம். துளையை அடைப்பதைவிட அதைச் சரிசெய்வதுதான் கரைச்சல்.

தகடு எந்த வகை என்பதையும் கடிதத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் சுவரில் விழும் இழுவை அதைப் பொறுத்தது. கடையில் கையை நீட்டி, திருப்பி, மடக்கும் வகைதான் ஆளை இழுக்கும். ரீவியும் தகடும் சேர்ந்து பத்துக் கிலோ என்று வையுங்கள். கையை 40 சென்ரிமீற்றர் வெளியே நீட்டினால், மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடைவெளி 20 சென்ரிமீற்றர் என்ற கணக்கில், மேல் வரிசையைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை இருபது கிலோவுக்குச் சமம். அதே ரீவி சுவரோடு ஒட்டி, எடையின் நடு சுவரிலிருந்து 6 சென்ரிமீற்றரில் நின்றால் அது மூன்று கிலோதான். மீதி வேலையெல்லாம் நேர் கீழ்நோக்கிய பாரம். பொள்ளல் கல் அந்தப் பாரத்தைத் தாங்கும், பிடுங்குவதைத்தான் தாங்காது. மகள் கையைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட மனம் வரவில்லை. ஒட்டி நிற்கும் வகையையே வாங்கினேன். விலையும் குறைவு.

இவ்வளவும் கையில் வந்த பிறகு எழுதிய கடிதம் இது. பெயர், முகவரி, திகதி மட்டும் எடுத்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

கல்லடி வீட்டின் மேல்மாடி முன்னறையில் எங்கள் ரீவியைச் சுவரில் மாட்டுவதற்கு, வாடகை ஒப்பந்தத்தில் உள்ளபடி உங்களின் எழுத்து மூல அனுமதியைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

மாட்ட விரும்பும் இடம் முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவர். கடற்பக்கச் சுவரிலும், தூணிலும், பீமிலும் எந்தத் துளையும் இட மாட்டோம். சரியான இடத்தில் காகிதம் ஒட்டி எடுத்த படத்தை இத்துடன் வைத்துள்ளேன். ரீவியின் நடு தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வரும்.

ரீவியும் தகடும் சேர்ந்து சுமார் 10 கிலோ. தகடு சுவரோடு ஒட்டி நிற்கும் வகை, வெளியே இழுக்கும் கை இல்லாதது. அதற்கு நான்கு துளைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீற்றர் அகலம், இரண்டரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழம். பூச்சோடு சேர்த்துச் சுவரின் கனம் ஏழரை அங்குலம் என்பதால் படுக்கையறைப் பக்கம் எந்த அடையாளமும் வராது. ஒரு துளை கல்லின் இணைப்பில் விழுந்து பிடிக்காமல் போனால் பக்கத்தில் இன்னொன்று இட நேரலாம். எப்படியானாலும் மொத்தம் ஆறைத் தாண்டாது.

வயர்க் குழாய் ஓடும் இடத்தை வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பார்த்து, அதற்கு இரண்டு பக்கமும் அரை அடி விட்டிருக்கிறோம். துளையிடும்போது மேல்மாடி மெயினை நிறுத்தி, கீழ்வீட்டிலிருந்து கரண்ட் எடுப்போம். அதற்குக் கீழ்வீட்டாரிடம் கேட்டுக்கொள்கிறேன். வயருக்காகச் சுவரை வெட்ட மாட்டோம். இந்த வேலையால் வயருக்கோ சுவருக்கோ சேதம் வந்தால் திருத்தும் செலவு என்னுடையது.

வீட்டை ஒப்படைக்கும்போது தகட்டைக் கழற்றி, துளைகளை அடைத்து, தேய்த்து, பெயின்ற் அடித்துத் தருவேன். அடைத்த இடம் நிற வேறுபாடாகத் தெரிந்தால் அந்த ஒரு சுவர் முழுவதையும் மூலைக்கு மூலை அடித்துத் தருவேன். தகடு அங்கேயே இருக்கட்டும் என்று நீங்கள் விரும்பினால் விட்டுவிட்டும் போகலாம்.

உங்களுக்குச் சம்மதமானால், கீழே எழுதிக் கையொப்பமிட்டு ஒரு பிரதியைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏதும் நிபந்தனை இருந்தாலும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல்மாடியில் குடியிருக்கும் ..."

கடிதத்தில் நான் வேண்டுமென்றே வைத்த இரண்டு வரிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, மொத்தம் ஆறைத் தாண்டாது என்பது. நான்கு என்று மட்டும் எழுதிவிட்டு ஐந்தாவது போட நேர்ந்தால், அது அனுமதி இல்லாத துளை. பொள்ளல் கல் சுவரில் அப்படி நேர்வது அபூர்வமல்ல. மற்றது பெயின்ற் பற்றிய வரி. துளையை எவ்வளவு அழகாக அடைத்தாலும், அதே நிறத்தை அதே இலக்கத்தில் வாங்கினாலும், சில வருடம் வெயிலும் காற்றும் பட்ட சுவரில் புதுப் பூச்சு பொட்டாகத் தெரியும். ஒப்படைக்கும் நாளில் சண்டை வருவது துளையால் அல்ல, இந்தப் பொட்டால்தான். பத்தடி அகலம், ஒன்பதடி உயரமான சுவருக்கு இரண்டு பூச்சு அடிக்க ஏறக்குறைய இரண்டு லீற்றர் எமல்சன் போகும். அந்தச் செலவை முன்கூட்டியே மனதில் வைத்துத்தான் அப்படி எழுதினேன். செய்ய முடியாததை எழுதுவதில் பொருளில்லை.

முற்பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 'முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நாமே எழுதிக் கொடுத்தால், எவ்வளவு கழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவர் கைக்குப் போய்விடும். திருத்தித் தருவேன் என்பது போதும்.

இரண்டு பிரதி எடுத்து, படத்தையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் உடனே வாசிக்கவில்லை, தேத்தண்ணி தந்து அனுப்பினார். பிறகு போனில் அழைத்தார்.

"மனே, கடிதம் வாசிச்சன். தூணுல போடலதானே?"

"இல்ல மாஸ்டர், தூணுல இருந்து தள்ளித்தான்."

"கீழ இருக்கிற ஆக்களுக்குச் சொல்லிப் போட்டியா? அந்தப் பிள்ளைக்குச் சோதினை கிட்ட வருது."

அதை நான் யோசித்திருந்தாலும் கடிதத்தில் எழுதவில்லை. அவர் அதை நிபந்தனையாகவே எழுதினார். கையொப்பத்துக்கு மேலே அழகான கையெழுத்தில் மூன்று வரி: சம்மதம். கீழ்வீட்டாருக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் செய்க. தகட்டைக் கழற்ற வேண்டாம், அடுத்து வருபவருக்கு உதவும். கடைசி வரி எனக்கு நல்ல செய்தி. அதன்படி பார்த்தால், போகும்போது நான்கு துளைகளை அடைக்கும் வேலையே இல்லை. ஆனால் தகடு பிற்பாடு விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வராமலிருக்க, ஒப்படைக்கும் நாளில் தகட்டை அவருக்குக் காட்டி, ஆட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வாங்குவேன்.

வேலைக்கு வருவோம். கீழ்வீட்டுப் பிள்ளை ரியூசனுக்குப் போகும் சனிக்கிழமைக் காலையாகப் பார்த்து எடுத்தோம். மேல்மாடி மெயினை நிறுத்தி, கீழிருந்து நீட்டு வயரில் கரண்ட் எடுத்தோம். தகட்டைச் சுவரில் பிடித்து, ஸ்பிரிட் லெவலை மேலே வைத்து மட்டம் பார்த்து, நான்கு இடத்தையும் குறித்தோம். ஒவ்வொரு குறிக்கும் கீழே ஒரு பழைய கடித உறையின் வாயைத் திறந்து, பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் காகித ரேப்பால் ஒட்டிவிட்டால் தூசி முழுவதும் அதற்குள்ளேயே விழும்.

பொள்ளல் கல்லில் முக்கியமானது, ட்ரில் மெசினில் சுத்தியல் குறி உள்ள பொத்தானைத் திருப்பி அதை நிறுத்திவிட வேண்டும் என்பது. ஆறு அங்குலக் கல்லின் முன்சுவர் ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும், அதற்குப் பின்னால் வெற்றிடம். சுத்தியலோடு போனால் பிற் அந்த முன்சுவரின் உட்பக்கத்தைப் பெரிய குழியாக உடைத்துக்கொண்டு போகும். வெளியே துளை அழகாகத் தெரியும், உள்ளே திருகாணிக்கான றோல் பிளக் பிடிக்க ஒன்றும் இருக்காது. சுழற்சியில் மட்டும், 8 மில்லிமீற்றர் கொங்கிறீற் பிற்றால், அவசரப்படாமல் போனால் நேரம் எடுக்கும், ஆனால் துளை சுத்தமாக வரும். பிற்றில் இரண்டரை அங்குலத்தில் ரேப் சுற்றி ஆழத்தைக் குறித்திருந்தோம்.

உறைக்குள் விழும் தூசியைப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. எங்கள் சுவரில் முதலில் பெயின்றும் பூச்சும் சேர்ந்து வெளிறிய மா போல வந்தது. பிறகு கரும்சாம்பல். அது கல். இரண்டு அங்குலம் போனதும் கை திடீரென்று முன்னால் விழுந்தது, அது வெற்றிடம். மேல் இரண்டும் இப்படியே சரியாக வந்தன. கல்முனையில் என் மச்சான் வீடு பழைய செங்கல் கட்டு. அங்கே தூசி சிவப்பாக வரும், வெற்றிடம் இராது, சுவர் வேறு வகை, கடிதமும் அதற்கேற்ப வேறாக இருக்க வேண்டும்.

கீழே இடது துளையில் தூசி மாறியது. சாம்பல் வரவேண்டிய இடத்தில் மண்ணிறத்தில் சொரசொரப்பான மணல் வந்தது, பிற் ஒரு பக்கமாக இழுபட்டது. இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள கலவையில் விழுந்திருக்கிறது. பிளக்கைப் போட்டுத் திருகாணியைத் திருகியதும், இறுகாமல் திருகாணியோடு பிளக்கும் சேர்ந்து சுற்றியது. இந்த இடத்தில் நம்மூரில் சிலர் தீக்குச்சியையோ மரச் சீவலையோ துளைக்குள் திணித்து இறுக்குவார்கள். அன்றைக்கு இறுகும். மாரியில் மரம் ஊறி, கோடையில் காய்ந்து சுருங்கியதும் தளர்ந்துவிடும். தகட்டில் நீளமான பிளவுத் துளைகள் பல இருக்கும். பக்கத்துப் பிளவுக்குப் போய், இரண்டு அங்குலம் தள்ளி, கல்லின் உடலில் ஐந்தாவது துளையைப் போட்டோம். சாம்பல் தூசி வந்தது, பிளக் இறுகியது. படம் எடுத்து மாஸ்டருக்கு அனுப்பி, ஐந்து துளை ஆயிற்று, ஒன்றை அடைத்துவிடுகிறேன் என்று எழுதினேன். கடிதத்தில் இடம் விட்டிருந்ததால் அது அறிவிப்பாகவே முடிந்தது, இன்னொரு அனுமதி தேவைப்படவில்லை.

றோல் பிளக்கைப் பற்றி ஒரு சொல். தகட்டோடு பெட்டியில் வருவது கட்டையான சாதாரணப் பிளக். முக்கால் அங்குலப் பூச்சுள்ள சுவரில் அதன் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். திருகாணி இறுகும்போது அது பூச்சை விரித்து, சுற்றிவரப் பூச்சைக் கிளப்பும். படுக்கையறை ஜன்னலுக்கு மேல் நடந்ததும் இதே வகைதான், அங்கே ஆணி. இரண்டு அங்குலத்துக்குக் குறையாத நைலோன் பிளக்கை வாங்கி, அதன் வாய் பூச்சு மட்டத்துக்கு உள்ளே போகும்படி தட்டிவிட்டோம். அப்படிப் போட்டால் விரிவு கல்லுக்குள் நடக்கும். கல்லைத் தாண்டி வெற்றிடத்துக்குள் நீளும் முனை, திருகாணி இழுக்கும்போது அங்கே முடிச்சுப் போல மடிந்து பின்னாலிருந்தும் பிடித்துக்கொள்ளும்.

திருகாணியையும் மாற்றினேன். பெட்டியில் வந்தவை மஞ்சள் மினுக்கம் பூசிய இரும்பு. கல்லடிக் காற்றில் அது அதிக காலம் நிற்காது. துரு இறங்கிச் சுவரில் மண்ணிறக் கோடு விழும், பின்னாளில் கழற்றப் போனால் தலை உடையும். ஸ்ரெயின்லெஸ் திருகாணி கொஞ்சம் விலைதான். ஆனால் அதிலும் கவனம் வேண்டும். மெசினால் முழு வேகத்தில் இறுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றுகளைக் கையால்தான் இறுக்க வேண்டும், தகடு சுவரில் அசையாமல் உட்கார்ந்ததும் நிறுத்த வேண்டும்.

ரீவியை உடனே ஏற்றவில்லை. தகட்டில் கயிறு கட்டி, பத்து லீற்றர் வாளி இரண்டில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டோம். இருபது கிலோ, ரீவியும் தகடும் சேர்ந்த எடையின் இரண்டு மடங்கு. வாளியைக் கட்டும் முன் தகட்டின் மேல் விளிம்போடு ஒரு மெல்லிய பென்சில் கோடு இழுத்திருந்தோம். காலையில் தகடு கோட்டிலேயே இருந்தது. அரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தாலும் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு ரீவியின் முதுகில் கொழுவிகளைப் பூட்டினோம். அந்தத் திருகாணியின் அளவு ரீவியின் கையேட்டில் இருக்கும். நீளமானதைப் போட்டால் உள்ளே பலகையில் முட்டும். இரண்டு பேராகத் தூக்கிக் கொழுவி, கீழே இருந்த பூட்டுக் கயிற்றை இழுத்துவிட்டோம்.

பிடிக்காத துளையை அன்றே அடைத்தேன். ஒப்படைக்கும்போது செய்வேன் என்று எழுதியதை இப்போதே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லதென்று பட்டது. உள்ளே வெற்றிடம் இருந்தால் புட்டியை எவ்வளவு திணித்தாலும் விழுங்கிவிடும். எனவே முதலில் நனைத்துப் பிழிந்த காகிதத்தை உருட்டி உள்ளே தள்ளி ஒரு அடைப்பாக்கினேன். தூசியை ஊதி, துளையின் வாயை நனைத்து, புட்டியை வைத்தேன். காய்ந்ததும் நடுவில் குழி விழுந்தது, அது சுருங்குவது இயல்பு. இரண்டாம் முறை கொஞ்சம் மேடாக வைத்து, அது காய்ந்ததும் மெல்லிய மணல் தாளால் தேய்த்தேன். மாஸ்டர் வைத்திருந்த பழைய பெயின்ற் வாளியின் அடியில் மிஞ்சியதை வாங்கி வந்து அடித்தேன். தொட்டுப் பார்த்தால் தெரியாது. கண்ணால் பார்த்தால், பக்கத்துச் சுவரைவிட ஒரு நிறம் வெள்ளையாகத் தெரிகிறது. ரீவிக்குப் பின்னால் என்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. மாஸ்டர் தகட்டை விடச் சொன்னதால், போகும்போது அந்த ஒரு பொட்டுக்காகச் சுவர் முழுக்க அடிப்பதா இல்லையா என்பதை அவரே பார்த்துச் சொல்லட்டும். வாளியில் இருந்த நிற இலக்கத்தை என் பிரதியின் ஓரத்தில் எழுதி, கடிதத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன்.